கிலோவுக்கு ஒரு ரூபாய் தொண்ணூற்று நாலு பைசா

எங்கள் தொழிலில் அலுவலகம் திறக்கலாம். ஆள் பிடிக்கப் போகக் கூடாது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்துக்கு முதல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அதன் முதல் பகுதியில் ஆறாவது பிரிவு, துண்டறிக்கை கொடுத்தோ நேரில் போய்க் கேட்டோ வேலை தேடக் கூடாது என்கிறது. ஏழாவது பிரிவு, தன் தகுதியையும் சேவையையும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நான் திருப்பூரில் குமரன் சாலைக்குப் பின்னாலுள்ள சந்தில் ஒரு மாடி அறையைப் பிடித்தபோது இந்த இரண்டு பிரிவுகளும் எனக்கு மனப்பாடம். பரீட்சைக்குப் படித்தபோது அவை வெறும் விதிகளாக இருந்தன. வாடகை கட்ட ஆரம்பித்த பிறகுதான் அவற்றின் கனம் தெரிந்தது.

பெயர்ப்பலகை எழுத வந்தவர், "லைட்டு வெச்சுரலாமுங்களா மேடம்?" என்று கேட்டார். வைக்கக் கூடாது என்றேன். கடைக்காரர்கள் வைப்பது போல ஒளிரும் பலகை எங்களுக்கு ஆகாது. "சரிங்க, கீழே 'ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்'னு ஒரு வரி?" அதுவும் கூடாது. "வரி ஆலோசகர்" என்றுகூட முகவரி அட்டையில் போட்டுக்கொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை. பட்டயக் கணக்காளர் என்பதோடு நிற்க வேண்டும். "அப்ப வர்றவங்களுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எப்படிங்க தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி.

மூன்று வருடப் பயிற்சியைக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் முடித்திருந்தேன். வங்கிக் கிளைத் தணிக்கை, சரக்குத் தணிக்கை, கம்பெனித் தணிக்கை எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் சின்னத் தொழில் நடத்துபவர் அந்தப் பட்டியலைக் கேட்டு வருவதில்லை. திருப்பூரில் ஆடிட்டர் என்றால் ரிட்டர்ன் போடுகிறவர். நோட்டீஸ் வந்தால் பேசுகிறவர். தணிக்கை என்பது வங்கிக்கோ வரித்துறைக்கோ வேண்டிய ஒரு கையெழுத்து. ஆலோசனை என்ற பெயரில் யாரும் பணம் கொடுப்பதில்லை; அது டீ குடிக்கும்போது சும்மா கிடைப்பது. தணிக்கை, வரி, ஆலோசனை மூன்றும் ஒரே வேலையின் மூன்று பக்கங்கள் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, சொல்லவும் கூடாது. செய்துதான் காட்ட வேண்டும். அப்படிக் காட்டக் கிடைத்த வேலை ஒன்று உண்டு. அது ஒரு சாயப்பட்டறையில் ஆரம்பித்து இன்னொன்றில் முடிந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் தொகைகளை முழுத் தொகைகளாக்கியும் சொல்கிறேன்.

ஒரு வங்கி தன் கடன்தாரர்களின் சரக்கையும் வர வேண்டிய பாக்கிகளையும் சரிபார்க்க என்னை அனுப்பியது. சரக்குத் தணிக்கை என்பார்கள். நடைமுறை மூலதனக் கடன் வாங்கியவர் மாதாமாதம் ஒரு சரக்கு அறிக்கை கொடுப்பார். அதிலுள்ள சரக்கிலிருந்து, சரக்கு வாங்கிய வகையில் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்து, மிச்சத்தில் கால் பங்கை மார்ஜினாக ஒதுக்கிவிட்டு, முக்கால் பங்கு வரை பணம் எடுக்க வங்கி அனுமதிக்கும். பாக்கிகளுக்கும் இதே மாதிரி தனியாக ஒரு கணக்கு உண்டு. அந்தப் பட்டறையின் அறிக்கையில் சரக்கு 1 கோடியே 10 லட்சம். சாயம், ரசாயனம் வாங்கிய கடைகளுக்குக் கொடுக்க வேண்டியது 18 லட்சம். மீதி 92 லட்சத்தில் முக்கால் பங்கு 69 லட்சம்.

உள்ளே போனேன். துணி ரோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொரு ரோலிலும் ஒரு சீட்டு. அதில் லாட் நம்பரும் ஒரு பனியன் கம்பெனியின் பெயரும் இருந்தன. சீட்டில் இருந்தவை எல்லாம் வேறு வேறு கம்பெனிகளின் பெயர்கள். பட்டறையின் பெயர் ஒன்றில்கூட இல்லை. டெலிவரி சலான் கட்டை எடுத்து, ரோல்களை லாட் வாரியாக ஒத்துப் பார்த்தேன். துணி அத்தனையும் ஜாப் ஒர்க்குக்கு வந்தது. சாயம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய அடுத்தவர் சொத்து. பட்டறைக்குச் சொந்தமானது மருந்து ரூமில் இருந்த சாயமும் உப்பும் சோடாவும்தான். அதன் மதிப்பு 26 லட்சம்.

"உள்ள இருக்கிற வரைக்கும் எம் பொறுப்புதானுங்க? கூலி வராம நான் வெளிய விடுவனா?" என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்னதில் பாதி சரி. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, ஒரு பொருளின் மேல் உழைப்பும் திறமையும் செலவழித்தவர் கூலி வரும்வரை அதைத் தன் கையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பிடித்து வைக்கும் உரிமை அது. தன் சரக்கு என்று காட்டிக் கடன் வாங்கும் உரிமை அதில் இல்லை. 26 லட்சத்தில் 18 லட்சத்தைக் கழித்தால் 8 லட்சம். அதில் முக்கால் பங்கு 6 லட்சம். சரக்கின் பேரில் 69 லட்சம் எடுக்க முடிந்த இடத்தில் இனி 6 லட்சம்தான்.

இதை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் தணிக்கை முடிந்திருக்கும், பட்டறையும் முடிந்திருக்கும். ஜாப் ஒர்க் செய்பவரின் பணம் சரக்கில் நிற்பதில்லை, பாக்கியில் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கூலி பாக்கி அவருக்கு ஒரு கோடிக்கு மேல் இருந்தது. அதற்கு வங்கி வைத்திருந்த வரம்பு மிகச் சிறியது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கடனின் அமைப்பையே மாற்றலாம் என்று எழுதினேன்: சரக்குக்கான வரம்பைக் குறைத்து, பாக்கிக்கான வரம்பைக் கூட்டுவது. வங்கி யோசித்து அப்படியே செய்தது. பட்டறைக்காரருக்கு முதலில் என் மேல் கடும் கோபம். வங்கி அனுப்பிய தணிக்கையாளர் என்பதால் அவருடைய கணக்கு வேலை எதையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது, எடுக்கவுமில்லை. சில மாதம் கழித்து அவருடைய மச்சான் ஒருவர் படியேறி வந்தார்.

அவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். தம்பியோடு சேர்ந்து கூட்டு நிறுவனமாகச் சாயப்பட்டறை நடத்துகிறவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "துணி யாருதுன்னு கேட்டது நீங்கதானுங்களா அம்மிணி?" என்றார். ஆமாம் என்றேன். "எம் மச்சான் உங்களத் திட்டாத நாளில்லைங்க. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் வந்தது கடன் விஷயமாக அல்ல. ஜிஎஸ்டி தளத்தில் அவருடைய மின்னணு வரவுப் பேரேட்டில் பணம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. கணக்குப்பிள்ளை அதைச் சொத்து என்று ஐந்தொகையில் காட்டினார். ஆனால் கையில் ஒரு பைசா வரவில்லை. "சொத்துங்கறாங்க. எடுத்து ஒரு மூட்டை உப்பு வாங்க முடியுதுங்களா?" என்று கேட்டார்.

காரணம் எளிது. துணிக்குச் சாயம் போடும் கூலிக்கு வரி 5 சதவீதம். அதற்கு வாங்கும் சாயத்துக்கும் ரசாயனத்துக்கும் 18 சதவீதம். வசூலிக்கும் வரியைவிடக் கட்டும் வரி அதிகம். தலைகீழ் வரி அமைப்பு என்பது இதுதான். இதைச் சரிசெய்வதாக 2022 ஜனவரியிலிருந்து ஜவுளிக்கு வரியை உயர்த்தப் பார்த்தார்கள். தொழில் வட்டாரம் முழுவதும் எதிர்த்ததால், 2021 டிசம்பர் 31 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி அதை நிறுத்தி வைத்தது. ஆகவே தலைகீழ் அப்படியே தொடர்ந்தது. இப்படித் தேங்கும் வரியைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தின் 54(3)-வது பிரிவில் வழி இருக்கிறது. எவ்வளவு என்பதை 89(5) என்ற விதி சொல்கிறது.

"ரீஃபண்ட் கேட்டீங்களா?" என்றேன்.

"போன வருசம் ஒரு கன்சல்டண்ட்டு கணக்குப் போட்டுப் பாத்தாருங்க. மூணு மாசத்துக்கு அறுவதாயிரம் வரும்னாரு. அதுல அவருக்கு ஒரு பங்கு. இதுக்குப் போய் யாரு அலையறதுன்னு விட்டுட்டனுங்க."

அந்தக் காலாண்டின் பில்களை வாங்கி வைத்துக்கொண்டேன். கூலி வருமானம் 1 கோடியே 50 லட்சம். அதற்கு 5 சதவீத வரி 7 லட்சத்து 50 ஆயிரம். சாயமும் ரசாயனமும் 45 லட்சத்துக்கு வாங்கியிருந்தார். 18 சதவீத வரி 8 லட்சத்து 10 ஆயிரம். அடுத்தது திருப்பூருக்கே உரிய செலவு. சாயக் கழிவுநீரை நொய்யலில் விட்டதற்காக 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. இவருடைய பட்டறை ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர். அனுப்பும் நீருக்கு அளவுப்படி கட்டணம். அந்தக் காலாண்டில் 30 லட்சம். அதற்கு அப்போதிருந்த 12 சதவீத வரி 3 லட்சத்து 60 ஆயிரம்.

ஆக, கட்டிய வரி 11 லட்சத்து 70 ஆயிரம். வசூலித்தது 7 லட்சத்து 50 ஆயிரம். தேங்கியது 4 லட்சத்து 20 ஆயிரம். இதில் திரும்பி வருவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. சட்டம் பொருள்களின் மேல் கட்டிய வரியை மட்டும் திருப்பித் தருகிறது. சேவைகளின் மேல் கட்டியதைத் தருவதில்லை. சாயம் பொருள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு சேவை. பழைய சூத்திரம் சாயத்தின் வரியான 8.10 லட்சத்திலிருந்து வசூலித்த வரி 7.50 லட்சத்தை முழுசாகக் கழித்தது. மிச்சம் 60 ஆயிரம். கன்சல்டண்ட் சொன்னது சரியான தொகைதான்.

அந்தச் சூத்திரத்தில் ஒரு கோணல் இருந்தது. வசூலித்த வரியைச் செலுத்தும்போது நாம் சாய வரவையும் பயன்படுத்துகிறோம், சேவை வரவையும் பயன்படுத்துகிறோம். ஆனால் ரீஃபண்ட் கணக்கில் மட்டும், முழு வரியும் சாய வரவிலிருந்தே போனதாக அது எடுத்துக்கொண்டது. வி.கே.சி. ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சேவைக்கான வரியைத் திருப்பித் தராதது செல்லும் என்று சொன்னது. அதே தீர்ப்பில், சூத்திரத்திலுள்ள இந்தக் கோணலைக் கவுன்சில் மறுபடி பார்க்கட்டும் என்றும் சொன்னது. 2022 ஜூலை 5 அன்று சூத்திரம் மாறியது. இப்போது வசூலித்த வரி முழுவதையும் கழிப்பதில்லை. மொத்த வரவில் பொருள்களின் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் மட்டும் கழிக்கிறார்கள். இவருக்கு வேறு வியாபாரம் கிடையாது, எல்லாம் 5 சதவீதக் கூலிதான் என்பதால் கணக்கு இப்படி வந்தது:

8.10 − (7.50 × 8.10 ÷ 11.70) = 2.91

அதே பில், அதே மூன்று மாதம். 60 ஆயிரம் இருந்த இடத்தில் 2 லட்சத்து 91 ஆயிரம்.

காகிதத்தைத் திருப்பி வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "இது பழசுக்குமுங்களா?" என்று கேட்டார். புதிய சூத்திரம் 2022 ஜூலை 5 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு என்று அந்த நவம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. காலம் பழையதாக இருந்தாலும் விண்ணப்பம் புதிதாக இருந்தால் போதும். முன்பே விண்ணப்பித்து 60 ஆயிரம் வாங்கியவர்கள் இதற்காக வழக்கு நடத்த வேண்டியிருந்தது. இவர் அலைய மனமில்லாமல் விட்டதால் தப்பித்தார். விண்ணப்பிக்க இரண்டு வருடக் கெடு உண்டு. கொரோனாவுக்காக 2020 மார்ச் முதல் 2022 பிப்ரவரி வரையிலான காலத்தை அந்தக் கெடுவில் சேர்க்கவில்லை. அதனால் பல பழைய காலாண்டுகள் இன்னும் உயிரோடு இருந்தன.

அடுத்து கட்டணம். "பத்து பர்சண்ட்டு எடுத்துக்குங்க" என்றார். சதவீதத்தில் வாங்க மாட்டேன் என்றேன். முதல் அட்டவணையின் பத்தாவது பிரிவு, வரும் பலனைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதைத் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு; ரீஃபண்ட் வேலை அவற்றில் அடங்காது என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். காலாண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னேன். அவர் முகம் மாறியது. "வந்தாலும் வராட்டியும் அதே காசுங்களா? அப்ப வராதுன்னு உங்களுக்கே சந்தேகமுங்களா?" விதியை விளக்கினேன். முழுசாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு காலாண்டை மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

சூத்திரம் காட்டும் தொகை அப்படியே வந்துவிடாது. விண்ணப்பிக்கும்போது தளம் மூன்று தொகைகளை ஒப்பிடுகிறது: சூத்திரத்தின் விடை, அந்தக் காலத்தின் முடிவில் பேரேட்டிலிருந்த இருப்பு, விண்ணப்பிக்கும் நாளில் உள்ள இருப்பு. மூன்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். இவருடைய இருப்பு பெரியது; தடையில்லை. பில்களைப் பிரிப்பதுதான் பெரிய வேலை. கணக்குப்பிள்ளை டேலியில் 'கொள்முதல் 18%' என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போட்டிருந்தார். பாய்லர் பராமரிப்பு ஒப்பந்தம் அதில் இருந்தது, அது சேவை. பம்ப் செட் ஒன்று இருந்தது. அது மூலதனப் பொருள். இரண்டையும் சாயத்தோடு சேர்த்துக் கேட்டால் அதிகாரி வெட்டுவார். பிறகு எல்லா பில்லையும் சந்தேகத்தோடு பார்ப்பார். அதே தலைப்பிலிருந்த சின்ன உதிரிபாகங்களோ, கணக்கில் மூலதனமாக்காமல் செலவாக எழுதியிருந்தால் உள்ளீடாகவே சேரும். ஒவ்வொரு பில்லையும் எடுத்து, அது எந்த வகை, தளத்தின் GSTR-2B அறிக்கையில் எந்த மாதத்தில் வந்திருக்கிறது என்று குறித்தோம். காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சாயக்கடைக்காரரின் பில் மாதம் தள்ளித்தான் அதில் தெரியும். அந்த மாதத்து வரவாகத்தான் அதைச் சேர்க்க வேண்டும்.

RFD-01 படிவத்தில் விண்ணப்பம் போனது. கேட்கும் தொகை விண்ணப்பிக்கும்போதே பேரேட்டிலிருந்து கழிந்துவிடும். இதைப் பார்த்துப் பெரியவர் பதறிப்போனார். குறை இருப்பதாக RFD-03 வந்தால் தொகை பேரேட்டுக்குத் திரும்பும்; விண்ணப்பத்தைப் புதிதாகப் போட வேண்டும். எங்களுக்கு அப்படி ஒரு முறை வந்தது: பட்டியலில் சில பில்களுக்குப் பொருள் குறியீட்டு எண் விடுபட்டிருந்தது. நிரப்பி மறுபடி போட்டோம். RFD-06 ஆணை வந்தது, கேட்ட தொகை முழுவதும் வங்கிக் கணக்கில் ஏறியது.

ரீஃபண்ட் வந்த பிறகு அவர் மறுபடி வந்தபோது, ஒரு தாளில் இன்னொரு வகுத்தலைப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் காலாண்டில் அவர் சாயம் போட்ட துணி ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கிலோ. தேங்கிய வரி 4.20 லட்சத்தை அதால் வகுத்தால் கிலோவுக்கு 2 ரூபாய் 80 பைசா. ரீஃபண்ட் 2.91 லட்சம் வந்த பிறகு தேங்கி நிற்பது 1.29 லட்சம்; கிலோவுக்கு 86 பைசா. வித்தியாசம் 1 ரூபாய் 94 பைசா.

லட்சக்கணக்கில் சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்தவர், இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பனியன் கம்பெனிகளோடு அவர் பேரம் பேசுவது கிலோவுக்கு ஐம்பது பைசா, ஒரு ரூபாய் என்றுதான். "போன மாசம் ஒரு ரூவா கொறைக்கச் சொன்னான்னு ஒரு பார்ட்டிய விட்டுட்டனுங்க அம்மிணி" என்றார். அந்த ஒரு ரூபாயைக் குறைத்திருந்தாலும் அவருக்குக் கட்டியிருக்கும். குறைக்கலாமா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஆனால் எவ்வளவு வரை இறங்கலாம் என்ற எல்லை இப்போது அவர் கையில் இருந்தது.

மிச்சமிருந்த அந்த 86 பைசாதான் தணிக்கையின் விஷயம். அது சுத்திகரிப்புக் கட்டணத்தின் வரியில் செலவழியாமல் நிற்கும் பகுதி. திரும்பி வராது. வரி விகிதம் இப்படியே இருக்கும்வரை பயன்படுத்தவும் வழியில்லை. ஐந்தொகையில் அதைச் சொத்து என்று வருடாவருடம் ஏற்றிக்கொண்டே போனால் லாபம் இருப்பதைவிடக் கூடத் தெரியும், வங்கிக்குக் காட்டும் விகிதங்களும் ஊதித் தெரியும். அதைச் செலவில் எழுதச் சொன்னேன். கணக்குப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, லாபம் குறைந்தால் வங்கி என்ன சொல்லுமோ என்று பயந்தார். பெரியவர் ஒத்துக்கொண்டார். உப்பு வாங்க முடியாத சொத்து என்று முதல் நாளே சொன்னவர் அவர்.

அந்த வருடத்தின் வரித் தணிக்கையை என்னிடம் கொடுக்க முன்வந்தார். அவருடைய ஆண்டு வரவு 6 கோடி. ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை வரித் தணிக்கை தேவையில்லை. ஆனால் வாரக் கூலியும் விறகும் ரொக்கத்தில்தான் என்பதால் இவருக்குத் தேவைப்பட்டது. முன்பு தணிக்கை செய்தவருக்கு எழுதித் தெரிவிக்காமல் நான் ஒத்துக்கொள்ளக் கூடாது. எட்டாவது பிரிவு அது. எழுதினேன். தனக்கு ஒரு வருடக் கட்டணம் பாக்கி இருப்பதாக அவர் பதில் போட்டார். அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்றேன். "உங்களுக்கு வேல குடுக்க நான் இன்னொருத்தருக்குக் காசு குடுக்கோணுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு மெஷின் வந்தது. சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின் ஒன்றுக்கு 40 லட்சம் விலை பேசியிருந்தார். 18 சதவீத வரி 7 லட்சத்து 20 ஆயிரம். "வரிதான் வரவுல வந்துருமே, 40 லட்சத்துக்கு லோன் போட்டாப் போதும்" என்று விற்பனைக்காரர் சொல்லியிருந்தார். மூலதனப் பொருளின் வரி ரீஃபண்ட் சூத்திரத்தில் எங்குமே வராது. மாதாந்திர வரியைச் செலுத்தச் சாய வரவே போதுமானதாக இருக்கும்போது, இந்த 7.20 லட்சமும் பேரேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மெஷினின் விலை 40 லட்சமல்ல, 47 லட்சத்து 20 ஆயிரம். கடனை அதற்கேற்பப் போடச் சொன்னேன்.

இரண்டாவது யோசனை, வரவை எடுக்காமலே விட்டுவிடுவது. ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3)-வது பிரிவு, வரிப் பகுதிக்குத் தேய்மானம் எடுத்தால் வரவு கிடையாது என்கிறது. தலைகீழாக, வரவை எடுக்காவிட்டால் 47.20 லட்சத்துக்கும் வருமான வரியில் தேய்மானம் எடுக்கலாம். 15 சதவீதக் கணக்கில் முதல் முழு ஆண்டில் அந்த 7.20 லட்சத்துக்கான தேய்மானம் மட்டும் 1 லட்சத்து 8 ஆயிரம். கூட்டு நிறுவனத்துக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீத வரி. மிச்சமாவது ஏறக்குறைய 33 ஆயிரத்து 700 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது குறைந்துகொண்டே போகும். பெரிய தொகை இல்லை. ஆனால் பேரேட்டில் தூங்கும் வரவு தருவது பூஜ்யம்.

ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னேன்: "சொந்தமா துணி வாங்கி, பனியன் தெச்சு ஏற்றுமதி பண்ற யோசனை இருக்கா?" ஏற்றுமதி செய்தால் கதை வேறு. வரி கட்டி ஏற்றுமதி செய்து, கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வழியில் மெஷின் வரவையும் பணமாக்கிவிடலாம். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் வரவை எடுத்து வைத்துக்கொள்வதே நல்லது. பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, "நமக்குத் துணி வந்தாப் போதுங்க" என்றார். 47.20 லட்சமும் மெஷின் கணக்கில் ஏறியது.

இதற்கெல்லாம் பிறகு சாயப்பட்டறைக்காரர்கள் கூட்டமொன்றில் இந்தச் சூத்திரம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேசுவதற்குத் தடையில்லை, தன்னை விற்பதற்குத்தான் தடை. பெயர் எதுவும் சொல்லாமல், கற்பனைத் தொகைகளைக் கொண்டு ஒரு பக்கக் கணக்கைப் பலகையில் போட்டேன். கொடுத்த தாளில் என் நிறுவனத்தின் பெயரை அச்சிடவில்லை. அன்று ஒருவரும் என்னிடம் வந்து வேலை கொடுக்கவில்லை. நான்கைந்து பேர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தது தெரிந்தது. அடுத்த மாதங்களில் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். யாரும் தணிக்கை, வரி, ஆலோசனை என்று கேட்கவில்லை. "எங்க பட்டறைக்குக் கிலோவுக்கு எவ்வளவு நிக்குதுங்க?" என்றுதான் கேட்டார்கள்.

வந்தவர்கள் எல்லோருக்கும் நல்ல பதில் இருக்கவில்லை. நிட்டிங் மெஷின் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு வருடப் பில்களோடு வந்தார். அவர் பருத்தி நூலை 5 சதவீத வரியில் வாங்கி, துணியாக்கி, 5 சதவீத வரியில் விற்கிறவர். நூலின் வரியும் துணியின் வரியும் ஒன்றே. அவருடைய தொழிலில் தலைகீழே இல்லை. ஊசிக்கும் எண்ணெய்க்கும் 18 சதவீதம் கொடுப்பது நூலின் மதிப்பில் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் அவருடைய பேரேட்டிலும் இருப்பு கூடிக்கொண்டு போனது. பில்களைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது: ஒவ்வொரு மாதமும் விற்பதைவிட அதிகமாக நூல் வாங்கிக் கொண்டிருந்தார். விலை ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பிக் குடோனில் அடுக்கியிருந்தார். தேங்கியிருந்தது வரி அல்ல, நூல்.

"உங்களுக்கு ரீஃபண்ட் கெடையாதுங்க" என்றேன். "நூலை வித்தா இந்த வரவு தானா தீந்துரும். அதுவரைக்கும் இந்த நூலுக்கு மாசாமாசம் எவ்வளவு வட்டி கட்டறீங்கன்னு வேணும்னா போட்டுத் தர்றேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வட்டிக் கணக்கைப் போடச் சொன்னார். அதற்கு எவ்வளவு ஆகும் என்றும் அவரே கேட்டார். ஆலோசனைக்குக் கட்டணம் என்ன என்று திருப்பூரில் என்னிடம் முதலில் கேட்டவர் அவர்தான்.